வெளியே போகாத பணம் எப்படிச் செலவாகும்?

(நமது சங்க உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"ஆடிட்டர் ஸார், இந்தத் தடவை வருமான வரி வேண்டாம், வேறு ஏதாவது பேசுங்கள்" என்று காரியதரிசி சொல்லிவிட்டார். ஆகவே ஸ்டாக் ஆப்ஷனை எடுத்துக்கொண்டேன். நம் அங்கத்தினர்களில் பலருடைய பிள்ளைக்கோ மாட்டுப்பெண்ணுக்கோ கம்பெனி இதைக் கொடுத்திருக்கிறது. வேறு சிலர், ரிடையர் ஆன பணத்தில் புதுக் கம்பெனி ஷேர்களை வாங்கிவிட்டு, காலாண்டுக் கணக்கைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள். இரு தரப்பாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். கம்பெனிக் கஜானாவிலிருந்து ஒரு பைசா கூட வெளியே போகவில்லை. பின் எதற்காக லாபத்திலிருந்து கோடிக்கணக்கில் கழிக்கிறார்கள்? அதையும் ஏன் மூன்று நான்கு வருஷங்களுக்குப் பிரித்துப் போடுகிறார்கள்?

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனியின் ஷேர் இன்று 400 ரூபாய் விற்கிறது. ஊழியரிடம் கம்பெனி சொல்கிறது: "மூன்று வருஷம் எங்களிடம் வேலை பார். அதன் பிறகு எப்போது வேண்டுமானாலும், குறித்த கெடுவுக்குள், இதே 400 ரூபாய்க்கு ஷேரை வாங்கிக்கொள்ளலாம்." அப்போது ஷேர் 900 ரூபாய் என்றால் ஊழியருக்கு 500 லாபம். 300 ரூபாயாக இறங்கிவிட்டால் அவர் வாங்க வேண்டிய கட்டாயமில்லை. இந்த மூன்று வருஷக் காத்திருப்புக்குத்தான் வெஸ்டிங் காலம் என்று பெயர். நடுவில் வேலையை விட்டால் உரிமை போய்விடும். நம் நாட்டில் லிஸ்டட் கம்பெனிகளுக்கு செபி விதிப்படி குறைந்தபட்சம் ஒரு வருஷமாவது வெஸ்டிங் காலம் இருக்க வேண்டும்.

இந்த உரிமைக்கு ஒரு விலை உண்டு. "ஏறினால் எனக்கு, இறங்கினால் எனக்கு நஷ்டமில்லை" என்கிற வாய்ப்பைச் சந்தையில் யாரும் இனாமாகத் தரமாட்டார்கள். ஷேரின் இன்றைய விலை, வாங்கப்போகும் விலை, கெடு, விலை எவ்வளவு ஏறி இறங்கும் சுபாவமுடையது, வட்டி, டிவிடெண்ட் ஆகியவற்றை வைத்து பிளாக்-ஷோல்ஸ் என்ற சூத்திரத்தால் அதைக் கணக்கிடுகிறார்கள். நம் உதாரணத்தில் அது ஒரு ஆப்ஷனுக்கு 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

முன்பெல்லாம் இந்த 120 ரூபாய் லாப நஷ்டக் கணக்கில் தலைகாட்டாமலே இருக்க வழி இருந்தது. 1999-ஆம் வருஷத்து செபி வழிகாட்டுதலின்படி, சந்தை விலைக்கும் வாங்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் செலவாகக் காட்டினாலும் போதும். இரண்டும் 400 என்றால் வித்தியாசம் பூஜ்யம், செலவும் பூஜ்யம். சர்வதேசத் தரமான ஐ.எஃப்.ஆர்.எஸ். 2 என்பது 2004-ல் வெளிவந்தது. அதையொட்டிய இண்ட் ஏஎஸ் 102 நம் பெரிய கம்பெனிகளுக்கு 2016 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தபோது அந்த வழி அடைபட்டது.

இனி, ஏன் பிரித்துப் போட வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். உங்களில் பலர் பாங்கிலும் சர்க்கார் கம்பெனிகளிலும் இருந்தவர்கள். கிராஜுவிடி தெரியாதவர்கள் இல்லை. அது கைக்கு வந்தது ரிடையர் ஆன அன்று. ஆனால் கம்பெனி அதை அந்த ஒரு வருஷத்துச் செலவாகவா காட்டியது? நீங்கள் உழைத்த ஒவ்வொரு வருஷமும் அதற்காகக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கிக்கொண்டே வந்தது. சம்பளத்தின் ஒரு பகுதியைத் தள்ளிவைத்துக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். ஸ்டாக் ஆப்ஷனும் அதே ஜாதி. ஆப்ஷன் கொடுத்த அன்றே முழுச் செலவையும் எழுதலாமே என்றால், அன்று ஊழியர் இன்னும் ஒரு நாள் வேலை கூடச் செய்து கொடுக்கவில்லை. ஷேர் வாங்கும் அன்று எழுதலாமே என்றால், அதற்குள் வேலையெல்லாம் முடிந்து, பலன் பழைய வருஷங்களின் லாபத்தில் சேர்ந்துபோயிருக்கும். எந்த வருஷத்து உழைப்போ அந்த வருஷத்துச் செலவு. அதனால்தான் வெஸ்டிங் காலம் முழுவதும் பரப்புகிறார்கள். காத்திருப்பே இல்லாமல் உடனே உரிமை கொடுத்தால், முன்பே செய்த வேலைக்காகக் கொடுத்தது என்று கொண்டு முழுச் செலவையும் அன்றே எழுத வேண்டும்.

கிராஜுவிடியோடு ஒரு வித்தியாசமும் உண்டு. அது கம்பெனி ரொக்கமாகக் கொடுக்க வேண்டிய கடன். ஆப்ஷனில் கொடுக்கப்போவது ஷேர். ஆகவே செலவுக்கு எதிர்ப்பதிவு கடன் பக்கம் போகாமல், பங்குதாரர் நிதியிலேயே "ஷேர் ஆப்ஷன்ஸ் அவுட்ஸ்டாண்டிங்" என்ற தலைப்பில் உட்காருகிறது. ஒரு கையால் லாபத்தில் எடுத்து மறு கையால் இங்கே வைக்கிறார்கள். மொத்த நிதி மாறுவதில்லை. அப்படியானால் வெறும் காகித வேலைதானே என்பீர்கள். இல்லை. நாளைக்கு 400 ரூபாய்க்குப் புது ஷேர் வெளியிடும்போது, பழைய பங்குதாரரான உங்கள் பாகம் சுருங்குகிறது. ஊழியரின் உழைப்புக்கு விலை கொடுத்தது நீங்கள்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 ஊழியர்களுக்கு ஆளுக்கு 300 ஆப்ஷன், மூன்று வருஷ வெஸ்டிங், ஒன்றுக்கு 120 ரூபாய். எல்லோரும் கடைசிவரை இருக்க மாட்டார்கள். முதல் வருஷ முடிவில் 85 பேர் மிஞ்சுவார்கள் என்று கம்பெனி அனுமானிக்கிறது. 85 பேருக்கு 25,500 ஆப்ஷன், மதிப்பு 30,60,000 ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்கு, 10,20,000, முதல் வருஷச் செலவு. இரண்டாம் வருஷம் நிறையப் பேர் விலகவே, 80 பேர்தான் மிஞ்சுவார்கள் என்று அனுமானம் மாறுகிறது. இப்போது மொத்தம் 28,80,000. இரண்டு வருஷத்துப் பங்கு 19,20,000. முன்பு எழுதியதைக் கழித்தால் அந்த வருஷச் செலவு 9,00,000. மூன்றாம் வருஷ முடிவில் உண்மையாகவே 82 பேர் இருக்கிறார்கள். மொத்தம் 29,52,000, மீதி 10,32,000 அந்த வருஷம்.

இதில் ஆட்களின் எண்ணிக்கை ஒவ்வொரு வருஷமும் மாறுகிறது, 120 ரூபாய் மாறவே இல்லை. எண்ணிக்கை ஏன் மாறுகிறது என்றால், விலகியவரிடமிருந்து பேசிய சேவை கம்பெனிக்குக் கிடைக்கவில்லை. விலை ஏன் மாறுவதில்லை என்றால், பேரம் முடிந்தது கொடுத்த அன்று. பிறகு ஷேர் 900 ஆனாலும் 200 ஆனாலும் அது சந்தையின் விஷயம். ஷேர் விழுந்து ஒருவர் கூட வாங்கவில்லை என்றாலும், எழுதிய 29,52,000 திரும்பி லாபமாக வராது. உழைப்பு வந்தாயிற்று, செலவும் ஆயிற்று. பங்குதாரர் நிதிக்குள்ளேயே வேறு தலைப்புக்கு மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

நடைமுறையில் தவறு அதிகம் நேர்வது இன்னொரு இடத்தில். பல கம்பெனிகள் மொத்தமாக மூன்றாம் வருஷம் என்று வைக்காமல், வருஷம் கால் பங்காக நான்கு வருஷத்தில் உரிமை கொடுக்கின்றன. சிறிய கம்பெனியின் கணக்குப்பிள்ளை மொத்தத்தை நான்கால் வகுத்து வருஷம் 25 சதவீதம் என்று எழுதிவிடுவார். அது சரியல்ல. ஒரே நாளில் நான்கு ரெக்கரிங் டெபாசிட் தொடங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று 12 மாதத்தில், மற்றவை 24, 36, 48 மாதத்தில் முதிர்பவை, முதிர்வுத் தொகை நான்குக்கும் ஒன்றே. வட்டியை விட்டுவிடுவோம். முதல் வருஷம் நான்குக்கும் கட்ட வேண்டும்; கடைசி வருஷம் ஒன்றுக்கு மட்டும். அது போலவே ஒவ்வொரு கால் பங்கும் தனி ஆப்ஷன். ஒவ்வொன்றுக்கும் மதிப்பு ஒன்றே என்று வைத்தால், முதல் வருஷச் செலவு சுமார் 52 சதவீதம், அடுத்து 27, பிறகு 15, கடைசியில் 6. புதிதாகப் பட்டியலில் ஏறிய கம்பெனியின் செலவு முதல் வருஷம் பூதாகாரமாகத் தெரிந்து பிறகு இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த இறக்கத்தை நிர்வாகத்தின் சிக்கனம் என்று எண்ணி ஷேர் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஊழியர் விலகினால் செலவு திரும்பி வரும் என்றேன். விலகாமல், "எனக்கு வேண்டாம்" என்று ஆப்ஷனைத் திருப்பிக் கொடுத்தால்? பேடிஎம் நடத்தும் ஒன்97 கம்யூனிகேஷன்ஸ் கம்பெனியில் 2025 ஏப்ரலில் அதுவே நடந்தது. ஸ்தாபகர் விஜய் சேகர் சர்மா தமக்குக் கொடுத்திருந்த 2.1 கோடி ஆப்ஷன்களை விட்டுக்கொடுத்தார். செலவு குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது தலைகீழ்: 2024-25-ன் கடைசிக் காலாண்டில் 492 கோடி ரூபாய் கூடுதல் செலவு எழுதப்பட்டது. தரத்தின் பார்வையில் இது ரத்து. அவர் வேலையை விட்டுப் போகவில்லை, சேவை தொடர்கிறது. ஆகவே வருங்காலத்துக்கென்று பரப்பி வைத்திருந்த மீதிச் செலவை உடனே எழுதிவிட வேண்டும். விதி இப்படி இல்லாவிட்டால், ஷேர் விழுந்தவுடன் எல்லாக் கம்பெனிகளும் உதவாத ஆப்ஷன்களை ரத்து செய்து செலவிலிருந்து தப்பித்துக்கொள்ளும். அதன் மறுபக்கமாக அடுத்த வருஷங்களில் அந்தச் செலவு இருக்காது. லாபம் அந்த அளவுக்குக் கூடித் தெரியும்.

பிள்ளைகளுக்கு ஆப்ஷன் கிடைத்திருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன 120 ரூபாய் கம்பெனியின் கணக்கு. உங்கள் பிள்ளையின் வரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவன் ஷேரை வாங்கும் நாளில், அன்றைய சந்தை மதிப்புக்கும் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளத்தோடு சேர்த்து வரிக்கு உட்படும். ஷேரை விற்றுக் காசாக்காவிட்டாலும் அந்த வரி உண்டு. பணம் கைவசம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முதலீடு செய்பவர்கள் ஆண்டறிக்கையில் இரண்டு இடங்களைப் பார்க்கலாம். ரொக்க ஓட்ட அறிக்கையின் ஆரம்பத்தில் இந்தச் செலவைத் திரும்பக் கூட்டியிருப்பார்கள்; பணம் வெளியே போகவில்லை என்ற உங்கள் நியாயத்துக்கு அங்கே இடம் கொடுத்தாயிற்று. பிறகு குறிப்புகளில் ஆப்ஷன்களின் ஆரம்ப இருப்பு, புதிதாகக் கொடுத்தது, விலகியவர்களால் போனது, ஷேராக மாறியது, முடிவு இருப்பு என்று ஒரு அட்டவணை இருக்கும். முடிவு இருப்பை மொத்த ஷேர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், உங்கள் பாகம் எவ்வளவு சுருங்கக்கூடும் என்று தெரியும். "ஆப்ஷன் செலவு நீங்கலாக லாபம்" என்று கம்பெனி தனியாக ஒரு எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தால், இந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு அதைப் படியுங்கள். கேள்விகள் இருந்தால் காபிக்குப் பிறகு பேசுவோம்.