கீழ் எல்லையை மறக்கும் கை

தாளும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பகுதித் தொகையிடலில் பலருக்கும் விடை தவறும் ஓர் இடத்தைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

x-ஐயும் eˣ-ஐயும் பெருக்கி, 0 முதல் 1 வரை தொகையிட வேண்டும். x-ஐ வகையிடுவோம், eˣ-ஐத் தொகையிடுவோம்.

∫₀¹ x eˣ dx = [x eˣ]₀¹ − ∫₀¹ eˣ dx

அடைப்புக்குள் இருப்பதுதான் எல்லை உறுப்பு. மேல் எல்லை 1-இல் அதன் மதிப்பு e. கீழ் எல்லை 0-இல் முன்னால் x நிற்பதால் பூஜ்யம். ஆக, e. இந்த மதிப்பை அப்போதே எழுதிவிடுவது நல்லது. கடைசிவரை அடைப்பைச் சுமந்துபோய் மொத்தமாகப் பிரதியிடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. குறிகள் குழம்புவது அங்கேதான்.

அடுத்தது [eˣ]₀¹. மேலே e. கீழே? முதல் அடைப்பில் பூஜ்யம் வந்த பழக்கத்தில், கை இங்கும் பூஜ்யம் போட்டுவிடுகிறது. ஆனால் e⁰ என்பது 1. எனவே இதன் மதிப்பு e − 1.

e − (e − 1) = 1

அந்த 1-ஐ மறந்தால் விடை 0 ஆகிவிடும். அடைப்புக்குறியை விட்டால் −1 வரும். 0-க்கும் 1-க்கும் இடையில் x eˣ நேர்மதிப்புதான். அதன் பரப்பு பூஜ்யமாகவோ குறைமதிப்பாகவோ இருக்க முடியாது. இன்னும் நெருக்கிப் பார்க்கலாம். eˣ அங்கே 1-க்கும் e-க்கும் இடைப்பட்டது. ஆகவே விடை 0.5-க்கும் ஏறக்குறைய 1.36-க்கும் நடுவில் விழ வேண்டும். 1 அதில் அடங்குகிறது.

கீழ் எல்லையில் சார்புக்கு மதிப்பே இல்லாவிட்டால்? ln x-ஐ 0 முதல் 1 வரை எடுத்துக்கொள்வோம். எல்லை உறுப்பு x ln x. பூஜ்யத்தால் எதைப் பெருக்கினாலும் பூஜ்யம் என்று சொல்லித் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. விடை சரியாக வந்துவிடும். காரணம் மட்டும் தப்பு. ln 0 என்று ஓர் எண்ணே கிடையாதே!

0-க்குப் பதில் ε என்ற சிறிய எண்ணிலிருந்து தொடங்குவோம். அடைப்பு −ε ln ε ஆகிறது. மீதி −(1 − ε). ε = 0.001 என்றால் ln ε ஏறத்தாழ −6.9, ε ln ε வெறும் −0.0069. ε குறையக் குறைய அது பூஜ்யத்தை நெருங்குகிறது. விடை −1.

இங்கே dx-ஐத் தொகையிட்டு x என்று எழுதினோம். x − 1 என்று எழுதினாலும் குற்றமில்லை. மாறிலி நம் விருப்பம். ஆனால் அப்போது எல்லை உறுப்பு (1 − ε) ln ε, குறை முடிவிலியை நோக்கி ஓடுகிறது. எஞ்சிய தொகையின் பங்கோ −(1 − ε) − ln ε. அதுவும் முடிவிலிக்குத்தான் போகிறது. தனித்தனியே எல்லை எடுத்தால் இரண்டுமே கையைவிட்டுப் போகும். ε-ஐ விடாமல் முதலில் கூட்டுங்கள்: ln ε அடிபட்டு, −ε ln ε − (1 − ε) என்ற அதே பழைய கோவை மிஞ்சும்.