'ஹாய்'னு மட்டும் வந்தா என்ன பதில் போடுறது?

சப்போர்ட் சாட்ல உட்கார்ந்தவங்களுக்கு இது பழக்கம்தான். கஸ்டமர் "ஹாய்"னு ஒத்தை வார்த்தை போடுவாங்க. நாம "சொல்லுங்க, எப்படி உதவட்டும்?"னு கேட்போம். அதோட அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. கொஞ்ச நேரத்துல சாட் தானா மூடிடும்.

எதிர்ல ஆள் இருக்காங்களான்னு பார்க்கத்தான் பெரும்பாலும் அந்த ஹாய். நாமளோ முழுக் கதையையும் டைப் பண்ணுங்கன்னு திருப்பி விட்டுடறோம்.

ஷாப்பிங் ஆப்ல லாகின் பண்ணி வந்த ஒருத்தர்னு வைங்க. மிக்ஸி ஆர்டர் நேத்தே டெலிவரி ஆகியிருக்கணும், ஆகலைன்னு நம்ம ஸ்கிரீன்லயே தெரியுது. அப்போ இப்படிப் போடலாம்: "வணக்கம், நான் கவிதா. நேத்து வர வேண்டிய மிக்ஸி பத்தியா, இல்ல வேற விஷயமா?" அவங்க "ஆமா"ன்னு அடிச்சாலே போதும். அதுக்குள்ள நீங்க கூரியர் ஸ்டேட்டஸைத் திறந்து வெச்சிருக்கலாம்.

அந்த "வேற விஷயமா"வை மட்டும் விட்டுடாதீங்க. போன மாச ரீஃபண்ட் கேட்க வந்தவங்களா இருந்தா, மிக்ஸியையே பிடிச்சுத் தொங்குவீங்க!

லாகின் இல்லாம வந்தா ஆர்டர் விவரத்தை நாமளே சொல்லக் கூடாது, அது வேற யாரோட போனாவும் இருக்கலாம். "ஏற்கெனவே போட்ட ஆர்டர் பத்தியா, புதுசா வாங்கணுமா?"ன்னு மட்டும் கேளுங்க. ஆர்டர் நம்பர், போன் நம்பர், இமெயில்னு மொத்தமா கேட்டா ஒண்ணுக்குத்தான் பதில் வரும்.