கையெழுத்துக்குக் கீழே இருக்கும் இரண்டு வரிகள்



சில வருடங்களுக்கு முன் எங்கள் பெரியப்பா வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். பட்டா பெயர் மாற்றம் கேட்டு அவர் போட்ட மனுவை நிராகரித்து வந்த உத்தரவு அது. கீழே வட்டாட்சியர் கையெழுத்து. இந்த உத்தரவில் உடன்பாடு இல்லை என்றால், குறிப்பிட்ட நாட்களுக்குள் வருவாய் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று கடைசிப் பத்தியில் இருந்தது.

பெரியப்பா பஸ் ஏறி டவுனுக்குப் போனார். விசாரித்து அந்த அலுவலகத்துக்கும் போய்விட்டார். ஆனால் வாசல் போர்டில் "சார் ஆட்சியர் அலுவலகம்" என்று எழுதியிருந்தது. "இது வேற ஆபீஸ் போலிருக்கு"னு நினைத்து அப்படியே திரும்பி வந்துவிட்டார். அடுத்த பத்து நாள், ஆர்.டி.ஓ. ஆபீஸ் எங்கே என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். சிலர் அவரை வண்டி லைசென்ஸ் எடுக்கும் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அனுப்பினார்கள். கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போதுதான் அந்தப் போட்டோ எனக்கு வந்தது.

அவர் முதல் நாள் போய் நின்ற இடமே சரியான இடம். இன்றைக்கு நான் உங்களிடம் பேசப்போவது அதைப் பற்றித்தான். அரசுக் கடிதத்தில் பெயருக்குப் பின்னால் வரும் சுருக்கெழுத்துகளை எப்படிப் படிப்பது?

பணி வேறு, பதவி வேறு

உங்கள் போனில் ஏதாவது ஒரு அரசுக் கடிதம் இருந்தால் இப்போதே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துக்குக் கீழே அல்லது கடிதத்தின் மேலே இடது பக்கம் "அனுப்புநர்" என்ற இடத்தில் அதிகாரியின் பெயர் இருக்கும். பெயரை ஒட்டி எம்.ஏ., பி.இ. என்று படிப்பு வரலாம். அதற்குப் பிறகு இ.ஆ.ப. அல்லது ஐ.ஏ.எஸ். என்று வரலாம். இது முதல் வரி. அதற்கு அடுத்த வரியில் "மாவட்ட ஆட்சியர்", "காவல் கண்காணிப்பாளர்" என்று ஏதாவது ஒரு பதவியும் ஊர்ப் பெயரும் இருக்கும்.

இந்த இரண்டு வரிகளும் சொல்வது ஒன்றல்ல. முதல் வரியில் இருக்கும் இ.ஆ.ப. என்பது இந்திய ஆட்சிப் பணி. அந்த அதிகாரி எந்தப் பணித் தொகுதியைச் சேர்ந்தவர் என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. அவர் இன்றைக்கு எந்த நாற்காலியில் இருக்கிறார் என்று சொல்லாது. இ.ஆ.ப. அதிகாரி ஒருவர் சார் ஆட்சியராக இருக்கலாம், மாநகராட்சி ஆணையராக இருக்கலாம், தலைமைச் செயலகத்தில் செயலாளராகவும் இருக்கலாம். இ.கா.ப. என்றால் இந்தியக் காவல் பணி, அதாவது ஐ.பி.எஸ். இ.வ.ப. என்றால் இந்திய வனப் பணி. அகில இந்தியப் பணிகள் இந்த மூன்றுதான்.

உங்கள் மனுவில் முடிவெடுக்கும் அதிகாரம் இரண்டாவது வரியில் இருக்கிறது. சட்டம் அதிகாரத்தைக் கொடுப்பது பதவிக்குத்தான். அதனால் பெயருக்குப் பின்னால் இ.ஆ.ப. இல்லையே என்று ஒரு கடிதத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மாவட்ட வருவாய் அலுவலர், அதாவது டி.ஆர்.ஓ., பலருடைய பெயருக்குப் பின்னால் இந்த எழுத்துகள் இருக்காது. அவர்கள் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 தேர்வு மூலம் துணை ஆட்சியராக வந்தவர்களாகவோ, வருவாய்த் துறையிலேயே பதவி உயர்வு பெற்று வந்தவர்களாகவோ இருப்பார்கள். பின்னாளில் அவர்களில் சிலர் இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்வாகி, அதே பெயருக்குப் பின்னால் இ.ஆ.ப. சேர்ந்துகொள்வதும் உண்டு.

ஒரே நாற்காலி, இரண்டு பெயர்

இப்போது பெரியப்பா கதைக்கு வருவோம். மாவட்டத்தை வருவாய்க் கோட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கோட்டத்துக்கும் ஒரு தலைமை அதிகாரி இருப்பார். அந்த நாற்காலியில் மாநிலப் பணியைச் சேர்ந்த துணை ஆட்சியர் உட்கார்ந்தால் அவர் வருவாய் கோட்டாட்சியர், ஆங்கிலச் சுருக்கத்தில் ஆர்.டி.ஓ. பணியில் சேர்ந்து சில வருடமே ஆன இளம் ஐ.ஏ.எஸ். அதிகாரி உட்கார்ந்தால் அவர் சார் ஆட்சியர், அதாவது சப் கலெக்டர். வேலையும் அதிகாரமும் ஒன்றுதான். பட்டா மேல்முறையீட்டை இவரும் கேட்பார், அவரும் கேட்பார். வண்டி லைசென்ஸ் தரும் ஆர்.டி.ஓ. வேறு துறை, அது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்.

கோட்டாட்சியரும் மனுவை ஏற்கவில்லை என்றால், அடுத்து டி.ஆர்.ஓ.விடம் சீராய்வு கேட்கலாம். வட்டாட்சியர், கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் என்று பட்டா விஷயத்தில் படிகள் இந்த வரிசையில்தான் இருக்கின்றன. நடுவில் ஒரு படியைத் தாண்டி நேராகக் கலெக்டரிடம் மனு கொடுத்தால், அது பெரும்பாலும் கீழே இருக்கும் அதே அலுவலகத்துக்குத் திரும்பி வரும். அதற்குள் கெடு ஓடிவிடும்.

டி.எஸ்.பி. யார், எஸ்.பி. யார்?

காவல் துறைக் கடிதங்களிலும் இதே குழப்பம்தான். டி.எஸ்.பி. என்றால் துணைக் காவல் கண்காணிப்பாளர். பல காவல் நிலையங்கள் சேர்ந்த உட்கோட்டத்துக்கு அவர் பொறுப்பு. அவர் குரூப் 1 மூலம் நேரடியாக வந்தவராக இருப்பார், அல்லது இன்ஸ்பெக்டராக இருந்து பதவி உயர்வு பெற்றிருப்பார். அதே உட்கோட்டத்தில் இளம் ஐ.பி.எஸ். அதிகாரி இருந்தால் அவர் ஏ.எஸ்.பி., உதவிக் காவல் கண்காணிப்பாளர். சார் ஆட்சியர் கதையேதான் இங்கும். ஏ.டி.எஸ்.பி. என்பவர் வேறு. அவர் கூடுதல் காவல் கண்காணிப்பாளர், மாவட்ட அளவில் எஸ்.பி.க்கு அடுத்த இடத்தில் இருப்பவர். போலீஸ் கமிஷனர் இருக்கும் மாநகரங்களில் டி.எஸ்.பி. அளவில் இருப்பவர் உதவி ஆணையர், ஏ.சி.

இது தெரிந்து என்ன பயன் என்று கேட்கலாம். உங்கள் புகாரைக் காவல் நிலையத்தில் பதிவு செய்ய மறுத்தால், அதன் சாரத்தை எழுதித் தபாலில் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவு சொல்கிறது. அங்கே குறிப்பிட்டிருப்பது எஸ்.பி. பதவி. பலர் "பெரிய ஆபீஸர்தானே"னு டி.எஸ்.பி.க்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். டி.எஸ்.பி.யிடம் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் சட்டம் சொல்லும் அந்தத் தபால் எஸ்.பி. பதவியின் பெயருக்குப் போக வேண்டும்.

நேர்மாறாக, டி.எஸ்.பி. கையெழுத்தைப் பார்த்துப் பயப்படுபவர்களும் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளை டி.எஸ்.பி. அளவுக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்பது விதி. அதனால் அந்த வழக்கில் உங்களைச் சாட்சியாக அழைக்கும் கடிதத்தில் டி.எஸ்.பி. கையெழுத்து இருப்பது இயல்பு. "விஷயம் பெரிசாயிடுச்சு"னு அதற்கு அர்த்தமில்லை.

அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் படியுங்கள்

பதவிக்குப் பக்கத்தில் சின்னதாக (பொ) என்று இருந்தால் பொறுப்பு என்று பொருள். அந்த நாற்காலிக்கு நிரந்தரமாக ஆள் இல்லாததால் இன்னொரு அதிகாரி சேர்த்துக் கவனிக்கிறார். மு.கூ.பொ. என்றால் முழு கூடுதல் பொறுப்பு. நேரில் பார்க்கப் போவதாக இருந்தால், அவர் எந்த நாளில் எந்த அலுவலகத்தில் இருப்பார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தனி வட்டாட்சியர் (ச.பா.தி.) என்று இருந்தால் அது சமூகப் பாதுகாப்புத் திட்டம். முதியோர் உதவித்தொகை போன்றவற்றைக் கவனிப்பவர் அவர். பட்டாவுக்கு அவரிடம் போய்ப் பயனில்லை.

இன்னொரு வார்த்தை, "மாவட்ட ஆட்சியருக்காக". திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தவர்களுக்கு இப்படி ஒரு கடிதம் வந்திருக்கலாம். மேலே ஆட்சியர் அலுவலக முகவரி, கீழே "ஆட்சியருக்காக" என்று வேறொரு அதிகாரியின் கையெழுத்து. பெறுநர் என்ற இடத்தில் வட்டாட்சியர் பெயர், நகல் என்ற இடத்தில் உங்கள் பெயர். பெரியப்பாவுக்குப் பின்னாளில் பாதைப் பிரச்சினை ஒன்றில் இப்படி வந்தது. "கலெக்டரே உத்தரவு போட்டுட்டாரு"னு சந்தோஷமாக இரண்டு மாதம் காத்திருந்தார்.

அது உத்தரவு இல்லை. மனுவை விசாரித்து நடவடிக்கை எடுக்கும்படி வட்டாட்சியருக்கு எழுதிய கடிதத்தின் நகல். வேலை நடக்க வேண்டிய இடம் வட்டாட்சியர் அலுவலகம். அங்கே போகும்போது கடிதத்தின் மேலே உள்ள ந.க. எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த எண்ணோடு அ3, பி2 என்று ஒரு குறி இருக்கும். கடிதத்தை அனுப்பிய அலுவலகத்தில் உங்கள் கோப்பு எந்தப் பிரிவில், எந்த இருக்கையில் இருக்கிறது என்பதை அது காட்டும். பெரியப்பா அந்த எண்ணோடு போனபோது, அவருடைய மனு நில அளவைக்காகக் காத்திருக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

போனில் வரும் போலிக் கடிதம்

வாட்ஸ்அப்பில் முத்திரையோடு "டி.எஸ்.பி., ஐ.ஏ.எஸ்." என்று கையெழுத்திட்ட கடிதம் வந்தால் என்ன செய்வீர்கள்? இப்போது உங்களுக்கே தெரியும், அந்த ஜோடி சேராது. டி.எஸ்.பி. காவல் துறைப் பதவி, ஐ.ஏ.எஸ். ஆட்சிப் பணி. ஐ.பி.எஸ். என்று மட்டும் போட்டுவிட்டு எந்தப் பதவி, எந்த ஊர் அலுவலகம் என்று சொல்லாத கடிதமும் சந்தேகத்துக்குரியதே. ஆனால் பதவிகள் சரியாகப் பொருந்திவிட்டால் மட்டும் கடிதம் உண்மையாகிவிடாது. நன்றாகத் தயாரித்த போலிகளும் வருகின்றன. மாவட்ட இணையதளத்தில் அந்த அலுவலகத்தின் எண்ணை நீங்களே தேடி எடுத்துக் கூப்பிட்டுக் கேளுங்கள். கடிதத்தில் உள்ள எண்ணைக் கூப்பிட வேண்டாம். வீடியோ காலில் "டிஜிட்டல் கைது" என்று மிரட்டினால், அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது. பணம் அனுப்பாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

அடுத்த முறை கடிதம் வந்தால் இந்த வரிசையில் பாருங்கள். பெறுநர் நீங்களா, அல்லது உங்களுக்கு வந்தது நகலா? கையெழுத்து போட்டவரின் பதவி என்ன, அவர் யாருக்காகவாவது கையெழுத்திட்டிருக்கிறாரா? மேல்முறையீடு யாரிடம், எந்தத் தேதிக்குள்? அந்தத் தேதியை உடனே போன் காலண்டரில் போட்டுவிடுங்கள்.

பெரியப்பா கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது சார் ஆட்சியர் அலுவலகத்தில் மேல்முறையீட்டைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கினார். அந்தச் சீட்டில் அலுவலக முத்திரைக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று இந்த முறை அவரே படித்துப் பார்த்துவிட்டுத்தான் எனக்குப் போட்டோ அனுப்பினார்.