மின் அலகையும் விறகுக் கட்டையும் ஒரே தராசில் வைப்போம்



லயத்தில் நாம் மூன்று விதமாகச் சக்தியைச் செலவழிக்கிறோம். மின்சாரத்தை அலகில் அளக்கிறோம். காஸையும் விறகையும் கிலோவில் அளக்கிறோம். அலகையும் கிலோவையும் நேராக ஒப்பிட முடியாது. மூன்றையும் மெகாயூல் என்ற ஒரே அளவுக்கு மாற்றினால்தான் ஒப்பிடலாம்.

பில்லில் உள்ள ஓர் அலகு என்பது ஒரு கிலோவாற்று மணித்தியாலம். ஆயிரம் வாற்று இஸ்திரிப்பெட்டி ஒரு மணித்தியாலம் முழுச் சூட்டில் எரிந்தால் ஓர் அலகு. ஒரு வாற்று என்பது செக்கனுக்கு ஒரு யூல். ஒரு மணித்தியாலத்தில் 3600 செக்கன். ஆகவே ஓர் அலகு 3.6 மெகாயூல்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மீற்றர் 4210 இலிருந்து 30 நாளில் 4270 ஆகிறது. செலவு 60 அலகு. அதை 3.6 ஆல் பெருக்கினால் 216 மெகாயூல். சிலர் பெருக்குவதற்குப் பதிலாக வகுத்துவிடுவார்கள். விடை அலகின் எண்ணைவிடச் சிறிதாக வந்தால் கணக்குப் பிழை என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

அதே வீட்டில் நாளுக்கு 5 கிலோ வீதம் மாதம் 150 கிலோ விறகு எரிகிறது. நன்றாகக் காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 15 மெகாயூல் தரும். மொத்தம் 2250. மின்சாரத்தைப் போல் பத்து மடங்கு! ஈர விறகென்றால் நீரை ஆவியாக்கவே சூடு போய்விடும், கணக்கும் குறையும்.

இத்தனையும் பானைக்குள் போவதில்லை. மூன்று கல் அடுப்பில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான் பானையைச் சேரும். மற்றது புகையோடும் சுவரோடும் போகும். அப்படியானால் பானைக்குக் கிடைப்பது சுமார் 280 மெகாயூல். 12.5 கிலோ காஸ் சிலிண்டரில் சுமார் 575 மெகாயூல் உண்டு. அதில் பாதிக்குச் சற்று அதிகம், அதாவது 300 அளவு, பானையைச் சேரும். நம் பெண்கள் மலையேறிச் சுமந்து வரும் ஒரு மாத விறகும் ஒரு சிலிண்டரும் சமையலில் ஏறக்குறைய சமம்.

சமையலை மின்சாரத்துக்கு மாற்றினால் என்ன ஆகும்? மின் அடுப்பில் ஐந்தில் நான்கு பங்கு பானையைச் சேரும் என்று வைப்போம். 280 கிடைக்க 350 மெகாயூல் வேண்டும். அதை 3.6 ஆல் வகுத்தால் சுமார் 97 அலகு. 60 அலகு பில் 157 ஆகும். அலகு கூடும்போது ஓர் அலகின் விலையும் படிப்படியாகக் கூடும் என்பதால், பில் அந்த விகிதத்தையும் தாண்டும். அடுப்பு வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

ஆகவே தோழர்களே, ஒரு மாதம் விறகை நிறுத்துப் பாருங்கள். மீற்றரை முதல் நாளும் கடைசி நாளும் குறியுங்கள். பில் 30 நாளுக்குத்தானா என்றும் பாருங்கள். இல்லையென்றால் நாள் கணக்கில் வகுத்து ஒப்பிடுங்கள். அந்த எண்களோடு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள், சேர்ந்து கணக்குப் போடுவோம்.