ஏழாம் தேதிக்குப் பிறகு



இந்தப் பெங்களூரில் வாடகை 5ஆம் தேதி கேட்பார்கள். வங்கித் தவணையும் அதே வாரம் பிடிப்பார்கள். சம்பளம் மட்டும் தாமதமாகி 26ஆம் தேதி வருகிறது. வந்ததும், 'எப்படியோ வந்துவிட்டதே' என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடக்கூடாது என்று சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

2024இல் நம் கண்ணெதிரே பைஜூஸ் நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். பிப்ரவரிச் சம்பளம் மார்ச்சில் பலருக்குப் பகுதிதான் வந்தது. மார்ச் சம்பளம் ஏப்ரல் மூன்றாம் வாரம்வரை இழுத்தது. ஜூலை 16 அன்று பெங்களூரில் உள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம், கிரிக்கெட் வாரியத்தின் மனுவை ஏற்று, திவால் நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. அந்த உத்தரவு மேல்முறையீட்டில் போய், உச்ச நீதிமன்றத்தில் திரும்பி வந்தது தனிக்கதை. ஆனால் திவால் தொடங்கிய நாளில், நிறுவனத்தின் மீதான மற்ற வழக்குகள் அப்படியே நின்றுவிடும். அதன்பின் பழைய பாக்கிக்குப் படிவம் 'டி' நிரப்பிக் கொடுத்துவிட்டு, கடன் கொடுத்தவர்கள் வரிசையில் காத்திருக்க வேண்டியதுதான்.

அதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் தரப்பட வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பழைய 1936ஆம் ஆண்டுச் சட்டம் மாதம் 24,000 ரூபாய்க்கு மேல் வாங்குவோரைக் கண்டுகொள்ளவில்லை. இப்போது அந்த உச்சவரம்பு இல்லை, மேலாளரும் கேட்கலாம்.

உங்கள் சம்பளம் 60,000 என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் சம்பளம் செப்டம்பர் 7 தாண்டியும் வரவில்லை. 8ஆம் தேதியே மின்னஞ்சலில் கேளுங்கள். பணம் நிலுவையில் இருக்கும்போதே, பன்னேர்கட்டா சாலைக் கார்மிக பவனில் உரிய அதிகாரி யார் என்று விசாரித்து மனு கொடுங்கள். மூன்று ஆண்டு அவகாசம் உண்டு, ஆனால் நிறுவனம் உங்களுக்காக மூன்று ஆண்டு காத்திருக்காது. அதிகாரி, தீர்மானித்த தொகையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கலாம். அது உச்ச எல்லை மட்டுமே. எவ்வளவு என்பது சூழ்நிலையைப் பொறுத்தது.

சம்பளம் கொடுத்ததாக நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. ஆனாலும் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பணம் ஏறிய தேதி தெரியும் வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை அலுவலக மடிக்கணினியில் மட்டும் வைக்காதீர்கள். வேலையை விட்டு அனுப்பும் நாளில் முதலில் பறிபோவது அந்த மடிக்கணினிதான். இன்றிரவே வீட்டுக்குப் போய், கடந்த ஆறு மாதம் பணம் ஏறிய தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள்.