செலவான பணமும் முடிந்த வேலையும்



கட்டட வேலைகளை மேற்பார்ப்பதிலேயே காலத்தைக் கழித்துவந்த நான், 'பி.எம்.பி.' என்று சுருக்கமாக வழங்கப்படும் திட்ட நிர்வாகச் சான்றிதழை அண்மையில் பெற்றேன். அமெரிக்காவில் 1969-ஆம் ஆண்டு தோன்றிய ஒரு கழகம் 1984 முதல் நடத்திவரும் பரீட்சை இது. நான் எழுதியபோது 180 வினாக்களுக்கு 230 நிமிஷ அவகாசம் இருந்தது. சான்றிதழைக் கண்ட நண்பர்கள், 'அதில் அப்படி என்னதான் கற்றுக்கொண்டீர்?' என்று கேட்டார்கள். கற்றவை பல, அவற்றுள் பெரும்பகுதி அநுபவஸ்தர் எவரும் முன்பே அறிந்தவைதாம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரே ஒரு கணக்கு, நெடுநாளாக என் கண்ணெதிரே இருந்தும் எனக்குப் புலப்படாதிருந்த ஒன்றைப் புலப்படுத்திற்று. 'ஈட்டிய மதிப்பு' என்ற அந்தக் கணக்கைப் பற்றியே இன்று பேச உத்தேசம்.

ஒரு பள்ளிக்கூடத்துக்கு 200 மீட்டர் சுற்றுச்சுவர் எழுப்பவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பீடு 20 லட்ச ரூபாய். தவணை 10 வாரம். ஆகவே வாரத்துக்கு 20 மீட்டர் சுவர், 2 லட்ச ரூபாய்ச் செலவு என்பது திட்டம். நான்காவது வாரத்தின் முடிவில் நிர்வாகக் குழு கூடுகிறது. கணக்கர் எழுந்து, 'இதுவரை 8 லட்சம் செலவாகியிருக்க வேண்டும். ஏழரை லட்சமே ஆகியிருக்கிறது' என்று வாசிக்க, அரை லட்சம் மிச்சம் என்ற திருப்தியில் தேநீர் வருகிறது. திட்டத்தையும் செலவையும் மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறவர்களுக்கு இந்தத் திருப்தி நியாயமானதே. ஏனெனில் அவ்விரண்டு எண்களிலும் சுவர் என்ற வஸ்துவே இல்லை.

இப்போது யாராவது ஒருவர் டேப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரை அளந்து வருகிறார். 80 மீட்டர் நிற்கவேண்டிய இடத்தில் 60 மீட்டர்தான் நிற்கிறது. மீட்டருக்குப் பத்தாயிரம் ரூபாய் என்பது நமது மதிப்பீடாகையால், முடிந்த வேலையின் பெறுமதி 6 லட்சம். இந்த 6 லட்சமே ஈட்டிய மதிப்பு. இந்த மூன்றாவது எண் வந்து சேர்ந்தவுடன் முன்னிரண்டின் அர்த்தமே மாறிவிடுகிறது. ஏழரை லட்சம் கொடுத்து 6 லட்சத்துக்கான வேலையைப் பெற்றிருக்கிறோம். 6-ஐ ஏழரையால் வகுத்தால் 0.8, அதாவது கொடுத்த ரூபாய் ஒவ்வொன்றுக்கும் எண்பது காசு வேலை. 8 லட்சத்துக்கான வேலை முடிந்திருக்கவேண்டிய நாளில் 6 லட்சத்துக்கானதே முடிந்திருப்பதால், காலத்தில் நமது வேகம் முக்கால் பங்கு. மிச்சம் என்று நினைத்த அரை லட்சம், உண்மையில் ஒன்றரை லட்ச நஷ்டம்.

நமது பொதுப்பணித் துறையில் அளவுப் புத்தகம் என்று ஒன்று தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது. முடிந்த வேலையை அளந்து அதில் பதிந்த பிறகே ஒப்பந்தக்காரருக்குப் பட்டுவாடா. அளந்து மதிப்பிடும் வழக்கம் நமக்கு அந்நியமல்ல என்பதற்காகச் சொல்கிறேன். அந்த அளவைக் காலத் திட்டத்தோடும் ஒருங்கே வைத்துப் பார்த்ததுதான் புதிது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் பெரிய ஒப்பந்தங்களுக்கு 1967-இல் இதனை ஒரு விதியாகவே ஆக்கிற்று.

பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் சூத்திரங்களை நெட்டுருப் போடுவதில் சிரமப்படுகிறார்கள். சிரமம் உண்மையில் அங்கே இல்லை. சுவர் முடிய மொத்தம் எவ்வளவு ஆகும் என்று குழு கேட்கிறது. 20 லட்சத்தை 0.8-ஆல் வகுத்தால் 25 லட்சம் என்று ஒரு விடை வரும். ஆனால் மீதியுள்ள 140 மீட்டருக்கும் பழைய மதிப்பீடே செல்லும் என்று கொண்டால், இதுவரை ஆன ஏழரையோடு 14-ஐக் கூட்டி இருபத்தொன்றரை லட்சம் என்று இன்னொரு விடை வரும். இரண்டும் சரியான சூத்திரங்களே. முதல் வாரத்தில் பெய்த மழையில் அஸ்திவாரக் குழி சரிந்து, அதை மறுபடியும் தோண்டியதால் வந்த நஷ்டமானால், அது திரும்ப வராது, இருபத்தொன்றரையைச் சொல்லலாம். செங்கல் விலை ஏறியதாலோ, கொத்தனார்கள் நாளொன்றுக்குக் கட்டும் அளவைத் தொடக்கத்திலேயே மிகையாகப் போட்டுவிட்டதாலோ நஷ்டம் வந்திருந்தால், ஒவ்வொரு மீட்டரிலும் அது தொடரும், 25-ஐத்தான் சொல்லவேண்டும். எந்தச் சூத்திரத்தை எடுப்பது என்பதை நஷ்டத்தின் காரணம் தீர்மானிக்கிறது. காரணமோ கணக்கேட்டில் இல்லை, வேலை நடக்கும் இடத்தில் இருக்கிறது. மேஸ்திரியிடம் பேசாமல் அதை அறிய வழியில்லை.

மனித சுபாவம் சிறிய எண்ணையே நாடும் என்பதற்கு அமெரிக்கக் கடற்படை ஒரு பெரிய உதாரணத்தை விட்டுச் சென்றிருக்கிறது. 'ஏ-12' என்ற போர்விமானத்தை உருவாக்க 1988-இல் இரண்டு பெரிய நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்து, 1991 ஜனவரியில் விமானம் ஒன்றுகூடப் பறவாமலே அதை ரத்து செய்தார்கள். ரத்துக்கு முன்பே நடந்த விசாரணையில், செலவு மீறிப்போவதை மாதாந்தர அறிக்கைகளின் எண்களே காட்டிக்கொண்டிருந்தன என்பதும், பொறுப்பிலிருந்தவர்கள் நம்பிக்கை மிகுந்த மதிப்பீட்டைப் பற்றிக்கொண்டிருந்தார்கள் என்பதும் வெளிப்பட்டன. ஒப்பந்த வழக்கு 2014 வரை இழுத்தது.

இக்கணக்குக்கு உள்ள குறைகளையும் சொல்லாவிட்டால் உரை முழுமையாகாது. சுவர் பத்தாவது வாரத்தில் முடியாமல் பதினான்காவது வாரத்தில் முடிந்தது என்று கொள்ளுங்கள். அன்று 200 மீட்டரும் நிற்கின்றன. ஈட்டியதும் 20 லட்சம், திட்டமும் 20 லட்சம். வகுத்தால் சரியாக ஒன்று. நான்கு வாரம் தாமதமான வேலைக்கு, 'குறித்த காலத்தில் முடிந்தது' என்று சூத்திரம் நற்சாட்சி கொடுத்துவிடுகிறது! காலத்தை ரூபாயால் அளந்ததின் விளைவு இது. வால்ட் லிப்கி என்பவர் 2003-இல் இதற்கொரு நிவர்த்தி எழுதினார்: இன்று முடிந்திருக்கும் வேலை திட்டப்படி எந்த வாரத்தில் முடிந்திருக்கவேண்டும் என்று பார்த்து, அந்த வாரத்தை நடப்பு வாரத்தால் வகுக்கச் சொன்னார். நமது சுவருக்கு நான்காம் வாரத்தில் அது நான்கில் மூன்று, முன்பு கண்ட அதே முக்கால்; முடிவு நாளிலோ பதினான்கில் பத்து. தாமதம் மறையவில்லை.

இன்னொரு குறை, கணக்கை அறிந்த சாமர்த்தியசாலி மேஸ்திரியால் வருவது. பள்ளியின் பின்புறத்தில் 20 மீட்டர் தூரத்துக்குச் சாக்கடை குறுக்கிடுகிறது; அங்கே குழாயை மாற்றிப் போட்டாலன்றி அஸ்திவாரம் தோண்ட முடியாது. அவர் சமதரையில் உள்ள எளிய மீட்டர்களையே முதலில் கட்டிக்கொண்டு போகிறார். வாரந்தோறும் ஈட்டிய மதிப்பு உயர்கிறது. எண்கள் அழகாக இருக்கின்றன. குழாயை நகராட்சி எந்தத் தேதியில் மாற்றும் என்பது நாம் பார்த்த எந்த எண்ணிலும் இல்லை. ஆகையால் இக்கணக்கோடு, எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்று காட்டும் வரைபடத்தையும் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு, நான்காம் வாரக் கூட்டத்திலேயே அந்த 20 மீட்டரைப் பற்றி நகராட்சிக்கு எழுதியாயிற்றா என்று கேட்பதுதான் முறை.