மாஸ்டருக்கு ஒரு நாள் விடுமுறை

(உணவக உரிமையாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



உக்கடத்திலும் கோட்டைமேட்டிலும் பிரியாணிக் கடை வைத்திருப்பவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். ஒரு மாஸ்டரின் நாளைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலை 6 மணிக்கு அடுப்படிக்கு வருகிறார். மதிய வியாபாரம் முடிய 3.30 ஆகிறது. இரண்டு மணி நேர இடைவெளியில் வீட்டுக்குப் போய்வர முடியாது. மாடியில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்கிறார். மறுபடி 5.30 முதல் இரவு 11.30 வரை வேலை. ஆக பதினைந்தரை மணி நேரம். வீடு சேர்ந்து கண் அயர்வதற்குள் 12.30 ஆகிவிடும். ஐந்து மணிக்கு அலாரம்.

இப்படியே மாதக்கணக்கில் ஓடினால் என்ன ஆகும்? முதலில் சமையலில்தான் தெரியும். உப்பு கூடும், தம் அடிப்பிடிக்கும். முன்கையில் புதிது புதிதாகச் சூட்டுக் காயம் இருக்கும். எடுபிடிப் பையன்மேல் காரணமில்லாமல் எரிந்து விழுவார். “அவருக்குத் திமிருங்க” என்று நாம் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது தூக்கமின்மைதான்.

விடுமுறை கொடுக்க உங்களுக்கு மனம் இல்லாமல் இல்லை. மசாலா அளவு அவர் ஒருவருக்குத்தான் தெரியும், அதுதான் சிக்கல். அவர் வராவிட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான். அளவைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் தன் வேலை போய்விடுமோ என்று அவருக்கும் பயம். வாங்கிய முன்பணம் வேறு கழுத்தில் நிற்கிறது.

இந்தப் பயத்தை முதலில் போக்குங்கள். உதவியாளரைப் பழக்குவதற்கென்று மாஸ்டருக்குத் தனியாக ஒரு தொகை பேசி, எழுதியே கொடுங்கள். ஐந்து கிலோ அரிசித் தேக்சாவுக்கு எண்ணெய், இஞ்சி பூண்டு, மிளகாய், உப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் நிறுத்து அளந்து குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கைப்பிடிக் கணக்கு வேண்டாம். மாஸ்டர் பக்கத்தில் நிற்க, உதவியாளர் நாலைந்து முறை தனியாகத் தம் போடட்டும். பிறகு வியாபாரம் குறைந்த ஒரு நாளை அவரிடம் விடுங்கள். அன்றைக்கு மாஸ்டருக்குப் போன் போடாதீர்கள். போன் போட்டால் அது விடுமுறையே இல்லை.

வெங்காயம் உரிப்பதும் கறி வெட்டுவதும் மாஸ்டர் வேலையல்ல. அதற்கு ஒரு ஆளை விட்டால் அவர் 9 மணிக்கு வரலாம். இரவு கடைசி ஆர்டரை 10 மணியோடு நிறுத்தினால் பத்தரைக்குக் கிளம்பிவிடுவார். அப்போதும் பதினொன்றரை மணி நேர வேலை இருக்கும். அதற்குமேல் குறைக்க, மாலைக்கு இரண்டாவது ஆள்தான் வழி. பழகிய உதவியாளரையே அதற்கு உயர்த்தலாம்.

கடைகளில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் நம் சட்டமன்றம் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. பரோட்டா கல் முன்னால் நிற்பவருக்கும் ஒரு ஸ்டூல் போடுங்கள். அனலில் அவருக்குத் தலை சுற்றினாலோ, காலில் பிடிப்பு வந்தாலோ உடனே நிழலில் உட்காரவைத்து உப்புப் போட்ட மோர் கொடுங்கள். பேச்சு குழறினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

ரமலானில் ஸஹர் வரை கடை நடத்துகிறவர்கள் இப்போதே ஆள் பட்டியல் போட்டுவிடுங்கள். ஸஹர் வரை நின்றவரை மறுநாள் மாலை நோன்புக் கஞ்சி வேலைக்குக் கூப்பிடக் கூடாது.